பாட முடியாதவனின் இசை நாடகம்

‘தி ஹூ’ என்ற ராக் குழுவின் ‘டாமி’ இசைத்தட்டில் ஒரு கொலை நடக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட யாரும் பாடுவதில்லை. முதல் உலகப்போரில் இறந்துவிட்டதாக நினைத்த கேப்டன் வாக்கர் 1921ஆம் ஆண்டு வீடு திரும்புகிறார். அவருடைய மனைவி வேறொருவனோடு சேர்ந்து, இந்த ஆண்டு நமக்கு நல்ல ஆண்டாக இருக்கப்போகிறது என்று பாடிக்கொண்டிருக்கிறாள். வந்தவர் அதே வரியை எடுத்து, அப்படியா நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். அடுத்து நம் காதில் விழுவது பெற்றோரின் பதற்றம்தான்: பையன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பிறகு இருவரும் சிறுவனைச் சூழ்ந்துகொண்டு, நீ எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை, யாரிடமும் எதையும் சொல்லப்போவதில்லை என்று திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். சிறுவன் அந்தக் கட்டளையை அப்படியே ஏற்றுக்கொள்கிறான். அவனுக்குப் பார்வையும் செவியும் பேச்சும் போய்விடுகின்றன. மூன்று நிமிடத்துக்குள் ஒரு குடும்பமே சிதைகிறது. யார் யாரைக் கொன்றார், எதனால் கொன்றார் என்பதை நாமேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ராக் ஓபரா என்ற வடிவத்தின் வலிமையும் பலவீனமும் இந்த ஒரு பாட்டிலேயே இருக்கின்றன. முழுக் கதையையும் பாடல்களாலேயே சொல்வேன் என்று இறங்கினால் சில இடங்களில் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைக் குறையாகக் கண்டவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். அவற்றில்தான் உயிர் இருக்கிறது என்றவர்கள் மறுபக்கம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக விமர்சகர்கள் பிரிந்து நின்றதற்குப் பல காரணங்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். ‘டாமி’ 1969இல் இசைத்தட்டாகவும், 1975இல் திரைப்படமாகவும், 1993இல் பிராட்வே நாடகமாகவும் வந்தது. மூன்றும் அதே ஓட்டைகளை மூன்று விதமாகக் கையாண்டன. அதனால் இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான படைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

லண்டனின் ‘தி ஹூ’ குழுவில் அப்போது நான்கு பேர்: கிதார் வாசித்துப் பாடல்கள் எழுதிய பீட் டவுன்ஷெண்ட், பாடகர் ரோஜர் டால்ட்ரி, பேஸ் கிதார் வாசித்த ஜான் என்ட்விசில், டிரம்ஸ் வாசித்த கீத் மூன். ஐந்தாவதாக ஒருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களின் மேலாளரும் தயாரிப்பாளருமான கிட் லாம்பர்ட். இவருடைய தந்தை கான்ஸ்டன்ட் லாம்பர்ட், பிரிட்டனில் பெயர்பெற்ற செவ்வியல் இசையமைப்பாளர். ஓபராவைக் கேட்டு வளர்ந்த மகன், மூன்று நிமிடப் பாட்டோடு நின்றுவிடாதே என்று டவுன்ஷெண்டைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருந்தார். 1966இல் ஓர் இசைத்தட்டின் முடிவில் ஏறக்குறைய பத்து நிமிட இடம் காலியாக இருந்தபோது, அதை நிரப்ப ஆறு துண்டுப் பாடல்களைக் கோத்து ஒரே கதையாக்கும்படி சொன்னவரும் அவர்தான். வெளியூர் போன காதலன், வழிதவறிய பெண், ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர், முடிவில் மன்னிப்பு. இவ்வளவுதான் கதை. அதில் செல்லோ வாத்தியம் வர வேண்டிய ஓர் இடம் உண்டு. வாத்தியக்காரர்களை அமர்த்தப் பணம் இல்லாததால், குழுவினர் ‘செல்லோ, செல்லோ’ என்று வாயாலேயே பாடிவிட்டார்கள். அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் இந்த வடிவம் எவ்வளவு துணிச்சலோடு பிறந்தது என்று வியக்கிறேன்.

‘டாமி’யின் ஒலிப்பதிவு 1968 செப்டம்பரில் லண்டனின் ஐ.பி.சி. ஸ்டூடியோவில் தொடங்கி மறு ஆண்டு மார்ச் வரை நீண்டது. முழுக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் உள்ளே போகவில்லை. இந்திய ஞானி மெஹர் பாபாவின் போதனைகளில் டவுன்ஷெண்ட் அப்போது ஆழ்ந்திருந்தார். புலன்கள் அடைபட்ட ஒருவன் உலகத்தை வெறும் அதிர்வுகளாக, இசையாக உணர்கிறான், பிறகு விழித்துக்கொள்கிறான். அவரிடம் இருந்தது இந்த எண்ணம்தான். அதைச் சுற்றிப் பழைய பாடல்களும் புதிய பாடல்களும் வந்து சேர்ந்தன. இறுதிப் பாடலான ‘வி ஆர் நாட் கொன்னா டேக் இட்’டின் முதல் பகுதி, இந்தக் கதைக்கு முன்பே அரசியல் கோபத்தோடு எழுதப்பட்டது. ‘சென்சேஷன்’ ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டாக இருந்து டாமியின் பாட்டாக மாறியது. ‘ஐசைட் டு தி பிளைண்ட்’ ப்ளூஸ் கலைஞர் சோனி பாய் வில்லியம்சனுடையது. டாமி உறவினர்களிடம் படும் கொடுமைகளைப் பற்றிய இரண்டு பாடல்களையும் தன்னால் எழுத முடியாது என்று டவுன்ஷெண்ட் ஒதுங்கிக்கொண்டு என்ட்விசிலிடம் கொடுத்துவிட்டார். பாட்டியின் பொறுப்பில் விடப்பட்ட தன் இருண்ட குழந்தைப்பருவத்தைப் பற்றி அவர் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதியதைப் படித்த பிறகு, அந்த ஒதுங்கலின் கனம் நமக்குப் புரிகிறது. இப்படிச் சிதறிக் கிடந்தவற்றுக்கு ஒரு கோவை தேடி, லாம்பர்ட் கதையைத் திரைக்கதை வடிவில் எழுதி அச்சிட்டுக் குழுவினர் கையில் கொடுத்தார்.

இயந்திரப் பலகையில் உலோகப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் ஆட்டம் கதைக்குள் வந்த விதம் இதைவிடச் சுவாரசியமானது. டாமி என்ற பெயரோடு உலகம் முதலில் நினைப்பதே அந்த ஆட்டத்தைத்தான். ஆனால் மூலக் கதையில் அது கிடையாது. ஒலிப்பதிவு முடிவை நெருங்கிய நேரத்தில் டவுன்ஷெண்ட், நிக் கோன் என்ற இளம் விமர்சகருக்குப் பாடல்களைப் போட்டுக் காட்டினார். கோனுக்குப் பெரிய உற்சாகம் பிறக்கவில்லை. ஆன்மிகம் கனமாக அழுத்துகிறது என்று அவருக்குப் பட்டது. கோன் பின்பால் பித்தர். அது டவுன்ஷெண்டுக்குத் தெரியும். டாமி ஒரு பின்பால் சாம்பியனாக இருந்தால் எப்படி என்று கேட்டார். அப்படியானால் அது மாபெரும் படைப்பு என்று கோன் பதில் சொல்ல, டவுன்ஷெண்ட் போய் ‘பின்பால் விஸார்ட்’டை எழுதினார். 1969 மார்ச்சில் தனிப் பாடலாக வெளிவந்து பிரிட்டனில் நான்காம் இடத்தைப் பிடித்த அந்தப் பாட்டுதான் மற்ற எல்லாப் பாடல்களையும் தோளில் சுமந்து சென்றது. விமர்சகர் ஒருவரின் ரசனையை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாட்டு, விமர்சகர்களைப் பிரித்த ஒரு படைப்பின் முகமாகிவிட்டது.

ஆனாலும் அது திணிக்கப்பட்ட பாட்டாக ஒலிப்பதில்லை. அதற்குக் காரணம் அதை யார் பாடுகிறார் என்பதில் இருக்கிறது. அதைப் பாடுபவன் டாமி அல்ல. டாமியிடம் தோற்றுப்போன பழைய சாம்பியன். சோஹோ முதல் பிரைட்டன் வரை எல்லா இயந்திரங்களிலும் ஆடியிருக்கிறேன், இப்படி ஒருவனைக் கண்டதில்லை, பார்வையும் செவியும் இல்லாதவன் எப்படி இப்படி ஆடுகிறான் என்று பொறாமையும் வியப்பும் கலந்து அவன் கேட்கிறான். டாமியின் திறமையை நாம் அறிவது எதிராளியின் வாயால்தான்.

இசைத்தட்டு முழுவதும் இப்படித்தான் நகர்கிறது. நாயகனால் பேச முடியாது. பேச முடியாதவனைப் பாட வைத்தால் கதையே பொய்யாகிவிடும். அதனால் தாதி பாடுகிறாள், தாய் பாடுகிறாள், தந்தை பாடுகிறார், கொடுமைக்காரப் பெரியப்பன் மகன் பாடுகிறான், மருத்துவர் பாடுகிறார். எல்லோரும் டாமியைச் சுற்றி நின்று அவனைப் பற்றியோ அவனை நோக்கியோ பாடுகிறார்கள். அவனுக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் எழும்புகிறது: என்னைப் பார், என்னை உணர், என்னைத் தொடு, என்னைக் குணமாக்கு. மெல்லிய, ஏறக்குறைய மூச்சளவிலான குரல். இது முதலில் ‘கிறிஸ்மஸ்’ பாட்டின் நடுவில் வருகிறது. வீட்டில் எல்லாக் குழந்தைகளும் கொண்டாடிக்கொண்டிருக்க, இயேசுவை அறியாத இந்தப் பிள்ளை எப்படி மீட்சி பெறுவான் என்று தந்தை கவலைப்படுகிறார். நான் சொல்வது கேட்கிறதா என்று அவனிடம் கத்துகிறார். அந்தக் கேள்விக்குப் பதிலாக இந்தக் குரல் வருகிறது. நமக்குக் கேட்கிறது, தந்தைக்குக் கேட்கவில்லை. பிறகு மருத்துவர் அவனைக் கண்ணாடி முன் நிறுத்தும்போது மீண்டும் வருகிறது. எல்லாம் முடிந்து சீடர்கள் அவனைக் கைவிட்ட பிறகு, கடைசியாக ஒரு முறை. ஒரே மெட்டு மூன்று இடங்களில் மூன்று பொருள் தருகிறது. ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராக்களில் பாத்திரத்துக்கும் எண்ணத்துக்கும் உரிய மெட்டுகள் திரும்பத் திரும்ப வந்து கதையை நகர்த்தும் உத்தியை, நான்கு பேர் கொண்ட ஒரு ராக் குழு இவ்வளவு சிக்கனமாகச் செய்துகாட்டியது என்பதே என்னை இந்தப் படைப்பின் பக்கம் நிறுத்துகிறது.

இன்னொரு தொழில்நுட்பச் சிக்கலையும் அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது. பழைய ஓபராவில் இரண்டு வகைப் பாடல்கள் உண்டு. ஏரியா என்பது பாத்திரம் நின்று தன் உணர்ச்சியைக் கொட்டும் பாட்டு. ரெசிடேடிவ் என்பது பேச்சுக்கு நெருக்கமாகப் பாடப்படும் பகுதி. யார் வந்தார், என்ன நடந்தது என்று கதையை ஓட்டுவது அதன் வேலை. ராக் இசையில் ஏரியாவுக்கு நிகரானது தாராளமாக இருந்தது, ரெசிடேடிவுக்கு நிகரான ஒன்று இல்லை. டவுன்ஷெண்ட் அந்த இடத்தில் மிகச் சிறிய பாட்டுகளை வைத்தார். பிள்ளை பிறந்த செய்தி ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று சொல்வதற்கு அரை நிமிடம்கூட இல்லை. டாமி குணமானதை ஊருக்கு அறிவிக்கும் செய்தித்தாள் கூவலுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடிதான். இருபத்து நான்கு தடங்கள், ஏறக்குறைய 75 நிமிடம், இரட்டை இசைத்தட்டின் நான்கு பக்கங்கள். இதில் நீளமான வாத்திய இசைப் பகுதி ஒன்று மட்டுமே பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு முழு வாழ்க்கை.

1969 மே மாதத் தொடக்கத்தில் லண்டன் சோஹோவில் உள்ள ரோனி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் பத்திரிகையாளர்களை உட்காரவைத்து, காது அடைத்துப்போகும் சத்தத்தில் அதை வாசித்துக் காட்டினார்கள். உடனடியாக எழுந்த எதிர்ப்பு இசையைப் பற்றியது அல்ல. உடற்குறையுள்ள ஒரு குழந்தையையும் அதற்கு நேரும் வன்முறையையும் பாட்டுக்குப் பொருளாக்குவது அருவருப்பானது என்று சிலர் சொன்னார்கள். பாட்டை மேலோட்டமாகக் கேட்டவர்களின் எதிர்வினை அது என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. என்ட்விசில் எழுதிய இரண்டு பாடல்களும் கொடுமை செய்பவனின் வாயாலேயே, துள்ளலோடு பாடப்படுகின்றன. அந்தத் துள்ளல் கேட்பவரைக் கூசவைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் மேடையில் கூட்டம் அதற்குச் சிரித்தால் அந்த நோக்கம் என்ன ஆகும்? இந்தக் கேள்வி பிற்காலத்தில் ஒவ்வொரு மேடையேற்றத்திலும் திரும்ப எழுந்தது, நியாயமான கேள்வி.

அடுத்த சண்டை ‘ஓபரா’ என்ற உரிமையைப் பற்றியது. செவ்வியல் இசைப் பக்கத்தினரின் வாதம் எளிமையானது: பாத்திரத்துக்கு ஒரு குரல் வேண்டும், இங்கே டால்ட்ரியும் டவுன்ஷெண்டும் ஆளுக்கு நான்கைந்து பேராக மாறுகிறார்கள், நாடகம் மேடையில் நடக்க வேண்டும், இங்கே நான்கு பேர் நின்று வாசிக்கிறார்கள். அதில் உண்மை இருந்தது. ‘டாமி’யின் முதல் மேடை வாழ்க்கை முழுவதும் கச்சேரிதான். உடையலங்காரமோ அரங்க அமைப்போ கிடையாது. சில பாடல்களை விட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முழுக் கதையையும் இடைவிடாமல் வாசித்தார்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர்கள் வாசித்தது விடியற்காலையில். ‘என்னைப் பார், என்னை உணர்’ வந்த நேரத்தில் சூரியன் எழுந்தது. 1970 ஜூன் 7ஆம் தேதி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கிலேயே ஒரே நாளில் இரண்டு முறை வாசித்தார்கள். ஓபராவின் கோயிலுக்குள் நுழைந்துவிட்டோம் என்ற பெருமிதம் லாம்பர்ட்டுக்கு. ஆனால் அரங்கு மாறியதால் வடிவம் மாறிவிடவில்லை.

ஆனாலும் அந்தக் கச்சேரிகள் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தன. இசைத்தட்டில் பல குரல்களில் ஒரு குரலாக இருந்த டால்ட்ரி, மேடையில் மெல்ல மெல்ல டாமியாகவே ஆகிவிட்டார். சுருள்முடியும் திறந்த மார்புமாக நின்று அவர் அந்த வரிகளைப் பாடுவதைக் கண்டவர்களுக்கு அதன்பிறகு டாமிக்கு வேறு முகம் இல்லை. இசைத்தட்டில் இல்லாத நாயகனைக் கச்சேரி உருவாக்கியது.

ராக் விமர்சகர்களின் மனத்தாங்கல் வேறு திசையிலிருந்து வந்தது. ராக் இசையின் பலம் அதன் சுருக்கமும் முரட்டுத்தனமும் என்று நம்பியவர்களுக்கு, ஓபரா என்ற சொல்லே மேல்தட்டு மதிப்புக்கு ஏங்குவதாகத் தோன்றியது. நல்ல பாட்டுக்குக் கதை எதற்கு, கதைக்காக நடுவில் சுமாரான பாட்டுகளைச் சகித்துக்கொள்ள வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. எழுபதுகளின் பிற்பகுதியில் சுருக்கத்தையும் முரட்டுத்தனத்தையுமே கொடியாக ஏந்திய பங்க் இசை வந்தபோது இந்தக் குற்றச்சாட்டு இன்னும் கடுமையாயிற்று. எதிர்ப்பக்கத்தில், ராக் இசைக்கும் நீண்ட மூச்சு உண்டு என்று நிரூபித்த படைப்பாக இதைக் கொண்டாடியவர்களும் சம அளவில் இருந்தார்கள். செவ்வியல் பக்கம், இது போதிய அளவு ஓபராவாக இல்லை என்றது. ராக் பக்கத்தில் ஒரு சாரார், இது போதிய அளவு ராக் ஆக இல்லை என்றார்கள். இரண்டு வீட்டிலும் இடமில்லாமல் போன படைப்பு, இரண்டு வீட்டாரும் அறியாத ஒரு கூட்டத்தைத் தனக்கெனச் சேர்த்துக்கொண்டது.

இங்கே ‘ஜீசஸ் க்ரைஸ்ட் சூப்பர்ஸ்டா’ரை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். ஆண்ட்ரூ லாய்ட் வெபரும் டிம் ரைஸும் அதை 1970இல் முதலில் இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். மேடையேற்ற முன்வரத் தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. அதுவும் வசனமே இல்லாத படைப்புதான். ஆனால் அதில் பாத்திரத்துக்கு ஒரு குரல் இருந்தது: இயேசுவாக இயன் கில்லன், யூதாஸாக மர்ரி ஹெட், மகதலேனா மரியாவாக இவோன் எலிமன். அதைவிட முக்கியமாக, கதை எல்லோருக்கும் தெரியும். யார் காட்டிக்கொடுக்கிறார், முடிவில் என்ன நடக்கிறது என்பதை விளக்க வேண்டியதே இல்லை. அதனால் பாடல்கள் எல்லாம் உணர்ச்சிக்கும் வாதத்துக்கும் போய்ச் சேர்ந்தன. 1971இல் பிராட்வேக்கு வந்தபோது எழுந்த சர்ச்சையில் பெரும் பகுதி மதத்தைப் பற்றியதும், இயக்குநர் டாம் ஓ’ஹார்கனின் ஆடம்பரமான மேடையாக்கத்தைப் பற்றியதும்தான். கதை புரியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘டாமி’க்கு அந்த வசதி கிடையாது. முன்பின் தெரியாத கதையைப் பாட்டாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

1975இல் கென் ரஸ்ஸல் அதைத் திரைப்படமாக்கினார். இசையமைப்பாளர்களின் வாழ்க்கையை வெறிகொண்ட காட்சிகளாக எடுத்துப் பெயர்பெற்றவர் அவர். இந்தப் படத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன். இசைத்தட்டைக் கேட்டது பிறகு. படத்தில் வழக்கமான வசனம் கிடையாது, எல்லாமே பாட்டு. ரஸ்ஸல் எடுத்த முடிவு தெளிவானது: ஓர் ஓட்டையையும் விட்டுவைப்பதில்லை. காலத்தை இரண்டாம் உலகப்போருக்கு நகர்த்தினார். இசைத்தட்டில் பாடப்படாத கொலை இங்கே கண்ணெதிரே நடக்கிறது, அதுவும் இசைத்தட்டைக் கேட்டவர்கள் வழக்கமாக ஊகிப்பதற்குத் தலைகீழாக. திரும்பி வந்த தந்தையைத் தாயின் காதலன் கொல்கிறான். இந்த ஒரு மாற்றம் முழுக் கதையின் எடையையும் மாற்றிவிடுகிறது. இனி டாமியை வளர்ப்பது தன் தந்தையைக் கொன்றவனே. தாயின் குற்ற உணர்வு கதையின் மையத்துக்கு வந்துவிடுகிறது. அதைத் தாங்குவதற்கென டவுன்ஷெண்ட் புதிய பாடல்களும் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாயாக நடித்தவர் ஆன்–மார்கரெட். மகனை வைத்துச் செல்வந்தரான பிறகு, வெள்ளை அறையில் மது அருந்திக்கொண்டு தொலைக்காட்சியில் மகனைப் பார்க்கிறாள். பார்க்கச் சகிக்காமல் பாட்டிலை வீசுகிறாள். உடைந்த திரையிலிருந்து சோப்பு நுரை, பிறகு அவித்த பீன்ஸ், பிறகு சாக்லேட் என்று அறை முழுவதும் வெள்ளமாகக் கொட்டுகிறது. அவள் அதில் புரள்கிறாள். படப்பிடிப்பில் உடைந்த கண்ணாடி அவர் கையைக் கிழித்தது. ஒரு சாராருக்கு இந்தக் காட்சி ரசனைக்கேட்டின் உச்சம். எனக்கு அது படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. பாட்டுக்குள் அடங்காத வெறுப்பை உடம்பால் சொல்லும் காட்சி அது. ஆன்–மார்கரெட் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். இசைத் தழுவலுக்காக டவுன்ஷெண்டும் பரிந்துரைக்கப்பட்டார்.

ஆனால் எல்லா இடத்திலும் ரஸ்ஸலின் முறை பலிக்கவில்லை. போதை மருந்தால் டாமியைக் குணமாக்குவதாகச் சொல்லும் ஆசிட் குயினாக டீனா டர்னர் வரும் காட்சி அச்சமூட்டுகிறது. அவருடைய குரலே போதும், ஊசிகள் குத்திய இயந்திர உடல் தேவையே இல்லை. எரிக் கிளாப்டன் பாடும் தேவாலயத்தில் மர்லின் மன்றோவின் சிலையை வணங்குகிறார்கள். எண்ணம் கூர்மையானது, காட்சி நீள்கிறது. எல்டன் ஜான் ஆளுயரக் காலணிகளோடு நின்று ‘பின்பால் விஸார்ட்’டைப் பாடியது எல்லோருக்கும் பிடித்தது, காரணம், அங்கே பாட்டும் நாடகமும் ஒன்று. ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருப்பவன், தான் தோற்பதையே பாடுகிறான். தாயின் காதலனாக வந்த ஆலிவர் ரீடும் மருத்துவராக வந்த ஜாக் நிக்கல்சனும் பாடகர்கள் அல்ல. ஆனாலும் தங்கள் சொந்தக் குரலிலேயே பாடினார்கள். நடிகன் பாடத் தெரிந்தவனாக இருக்க வேண்டுமா, பாடகன் நடிக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டுமா என்ற பழைய ஓபராச் சண்டை இப்படி இன்னொரு வழியில் உள்ளே வந்தது.

படத்தைப் பற்றிய விமர்சனங்கள் பிரிந்த கோடு இதுதான்: பாட்டு குறிப்பாகச் சொல்வதைத் திரை முழுதாகக் காட்டினால் பாட்டுக்கு என்ன வேலை மிஞ்சும்? சத்தத்துக்குச் சத்தமான காட்சிதான் சரி என்றவர்கள் ரஸ்ஸலைக் கொண்டாடினார்கள். கேட்பவரின் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த படத்தை அவர் அழித்துவிட்டார் என்றவர்கள் கோபப்பட்டார்கள். இதே குழுவின் அடுத்த ராக் ஓபராவான ‘குவாட்ரோபீனியா’வை 1979இல் ஃபிராங்க் ராடம் படமாக்கியபோது எதிர்த்திசையில் போனார். பாத்திரங்கள் பாடுவதில்லை, சாதாரணமாகப் பேசுகிறார்கள். பாடல்கள் பின்னணியில் ஒலிக்கின்றன. நல்ல படம். ஆனால் அது ராக் ஓபரா பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டது.

மூன்றாவது வடிவம் பிராட்வேயில் வந்தது. 1992இல் கலிபோர்னியாவின் லா ஹோயா ப்ளேஹவுஸில் இயக்குநர் டெஸ் மெக்கானஃப் டவுன்ஷெண்டோடு சேர்ந்து கதையைத் திருத்தி மேடையேற்றினார். 1993 ஏப்ரலில் அது நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் அரங்குக்கு வந்தது. பாட முடியாத நாயகன் என்ற மூலச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு அழகானது. மேடையில் மூன்று டாமிகள்: நான்கு வயதுக் குழந்தை, பத்து வயதுச் சிறுவன், வளர்ந்த இளைஞன். குழந்தை வாய் திறக்காமல் கண்ணாடி முன் நிற்கிறது. கண்ணாடிக்குள்ளிருந்து வளர்ந்த டாமி பாடுகிறான். இசைத்தட்டில் வெறும் குரலாக மிதந்த அந்த ‘என்னைப் பார்’ இங்கே ஓர் உடம்பைப் பெறுகிறது. ஒருவனே தன்னைத் தேடுகிறான் என்பது விளக்கமில்லாமல் கண்ணுக்குத் தெரிகிறது. இசைத்தட்டு செய்ய முடியாததை மேடை செய்த இடம் இது.

பிராட்வேயில் பிரச்சினை முடிவில் வந்தது. இசைத்தட்டில் குணமான டாமி ஒரு குருவாகிறான். சீடர்களைக் கூட்டி முகாம் அமைக்கிறான். என்னைப் போலவே கண்ணையும் காதையும் வாயையும் அடைத்துக்கொண்டு பின்பால் ஆடுங்கள் என்று கட்டளையிடுகிறான். அவர்கள் எதிர்த்தெழுந்து அவனைக் கைவிடுகிறார்கள். அதன்பிறகு அந்த மெல்லிய குரல் மீண்டும் எழுகிறது; உன்னைக் கேட்பதால் இசை எனக்கு வருகிறது என்ற இறுதிப் பகுதி ஓங்குகிறது. இங்கே ‘உன்னை’ என்பது யார்? சீடர்களா, கடவுளா, கேட்டுக்கொண்டிருக்கும் நாமா? இசைத்தட்டு சொல்வதில்லை. கென் ரஸ்ஸலின் படத்தில் டாமி நீந்தி, ஏறி, மலையுச்சிக்குப் போய்ச் சூரியனை எதிர்கொள்கிறான். படத்தின் தொடக்கத்தில் தந்தை நின்ற அதே மலை. பதில் கிட்டத்தட்ட மதம் சார்ந்ததாகிவிடுகிறது. பிராட்வேயில் டாமி தன் ரசிகர்களிடம், என்னைப் போல ஆக ஆசைப்படாதீர்கள், இயல்பாக இருக்கும் நீங்கள்தான் பேறு பெற்றவர்கள் என்ற பொருளில் பேசி அவர்களை அனுப்பிவிட்டு, தன்னைக் காயப்படுத்திய குடும்பத்தையே மன்னித்துத் தழுவிக்கொள்கிறான்.

இந்த முடிவு ஒரே பத்திரிகையின் இரண்டு விமர்சகர்களை எதிரெதிரே நிறுத்தியது. நியூயார்க் டைம்ஸின் நாடக விமர்சகர் ஃபிராங்க் ரிச் அதை உற்சாகத்தோடு வரவேற்றார். ராக் இசையும் பிராட்வே அரங்கமும் உண்மையிலேயே ஒன்று சேர்ந்த தருணமாக அவர் அதைக் கண்டார். சில நாட்களுக்குள் அதே பத்திரிகையின் இசை விமர்சகர் ஜான் பரேலஸ் எதிராக எழுதினார். அறுபதுகளின் நெருப்பை அணைத்துவிட்டார்கள், மீறலைப் பற்றிய ஒரு படைப்பு வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றியதாகிவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். அந்த ஆண்டு டோனி விருதுகளில் ஐந்தை ‘டாமி’ பெற்றது. சிறந்த இயக்கத்துக்கு மெக்கானஃபும், இன்னொரு படைப்போடு பகிர்ந்துகொண்ட சிறந்த இசைக்கு டவுன்ஷெண்டும் பெற்றவையும் அவற்றில் அடங்கும்.

இருவரும் ஒரே படைப்பைப் பார்த்தார்களா என்றுகூடத் தோன்றும். ரிச் பார்த்தது அரங்கத்தை: கதை தெளிவாகிறதா, மேடை உயிரோடு இருக்கிறதா, பாத்திரம் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்துக்கு வந்துசேர்கிறதா. பரேலஸ் கேட்டது பாட்டை: அந்தப் பாட்டு 1969இல் என்ன கேள்வி கேட்டது, இப்போதும் அதையே கேட்கிறதா. நாடகத்துக்கு முடிவு தேவை. கடைசிப் பாட்டோ முடியாமல் எழும்பிக்கொண்டே போகும்படி இயற்றப்பட்டது. அதன் சுரங்கள் மேலே ஏறி ஏறித் திரும்பத் தொடங்குகின்றன, கரைசேர்வதில்லை. அதைக் குடும்பம் ஒன்றுகூடும் காட்சியின்மேல் வைத்தால் இசை ஒன்று சொல்கிறது, மேடை இன்னொன்று சொல்கிறது.

நான் பரேலஸின் பக்கம். மூன்று டாமிகள் என்ற அந்தத் தீர்வுக்காக மெக்கானஃபின் மேடையை மிகவும் மதிக்கிறேன். ரஸ்ஸலின் பீன்ஸ் வெள்ளத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதன்முறையாக ‘டாமி’யை அணுகுபவர் யாராவது எதில் தொடங்குவது என்று கேட்டால், இசைத்தட்டை எடுத்து, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் அந்த 1921 பாட்டு வரும்வரை கேட்கச் சொல்வேன். யார் யாரைக் கொன்றார் என்று அவரே முடிவு செய்யட்டும். படத்தையும் நாடகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.